எவ்வளவு லாபத்தை எடுக்கலாம், இரண்டாவது லாட் எப்போது?

கேள்வி: எனக்கு வயது 37. கோவையில் தனியார் வேலை, சம்பளம் மாதம் 1,05,000 ரூபாய். புதிய வரி முறை. ஆபீஸில் வரி எதுவும் பிடிப்பதில்லை. 2024 நடுவில் 4 லட்சம் போட்டு நிஃப்டி ஃபியூச்சர்ஸ் தொடங்கினேன். சில நாட்கள் வைத்திருந்து விற்பேன், 100 புள்ளியில் ஸ்டாப்லாஸ். முதலிலிருந்தே ஒரு லாட்தான், இந்த ஏப்ரலிலிருந்து இரண்டு. முதல் நிதியாண்டில் கணக்கு 3,40,000-க்கு இறங்கியபோது 60,000 போட்டு 4 லட்சமாக்கினேன். அப்புறம் 5,40,000 போய் 4,80,000-க்கு வந்தது. மறுபடி 60,000 போட்டேன். எஸ்ஐபி மாதிரி இறக்கத்தில் சராசரி செய்வது நல்லதுதானே? 6 லட்சம் ஆனபோது பள்ளிக் கட்டணத்துக்கு 40,000 எடுத்தேன். இன்று 7,30,000 இருக்கிறது. புரோக்கரின் அறிக்கைப்படி 2025-26-இல் லாபம் 2 லட்சம், ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் 1,10,000. போன வருடம் ஐடிஆர்-1 போட்டேன், இந்த வருடமும் அதுவே போதுமா? 2025 ஏப்ரல் 7 அன்று நல்லவேளை கையில் எதுவும் இல்லை. ஒரு நண்பர் மாதாமாதம் பாதி லாபத்தை எடு என்கிறார். இன்னொருவர் ஒரு கோடி ஆகும்வரை தொடாதே என்கிறார். மனைவியின் நகையை வைத்து 3 லட்சம் வாங்கிப் போட்டு மூன்று லாட்டுக்குப் போகலாமா? எந்த விதியைப் பின்பற்றுவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

எடுப்பது, போடுவது, லாட் கூட்டுவது மூன்றையும் தனித்தனிக் கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: உங்கள் கணக்கில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு உங்கள் டிரேடிங் சம்பாதித்தது? அது தெரியாமல் எந்த விதியைச் சொன்னாலும் தப்பான எண்ணின் மேல்தான் நிற்கும். ஆகவே முதலில் கணக்கு. சில எண்கள் உங்களுக்கு வருத்தம் தரும். ஆனாலும் நகை வங்கிக்குப் போகும் முன் அவை உங்கள் கையில் இருப்பது நல்லது.

4 லட்சம் 7,30,000 ஆகவில்லை

நீங்கள் போட்டது 4 லட்சம் மட்டுமல்ல. இரண்டு முறை சேர்த்ததோடு 5,20,000. எடுத்தது 40,000. ஆக டிரேடிங்கில் வந்த லாபம் 2,50,000. இதுவும் முழு விடை ஆகாது. ஏனென்றால் பணம் எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்பதும் கணக்கில் வர வேண்டும். அதற்கு மியூச்சுவல் ஃபண்டுகள் செய்வதையே நீங்களும் செய்யலாம். உங்கள் கணக்கை ஒரு சின்ன ஃபண்டாக நினைத்து யூனிட்டாகப் பிரியுங்கள். பணம் போட்டால் அன்றைய என்ஏவியில், அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பில், யூனிட் வாங்குகிறீர்கள், எடுத்தால் விற்கிறீர்கள். லாபமும் நஷ்டமும் என்ஏவியை மட்டும் அசைக்கும். நீங்கள் போடும் பணமும் எடுக்கும் பணமும் அதைத் தொடாது.

உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். தொடக்கத்தில் என்ஏவி 100 என்றால் 4,000 யூனிட். கணக்கு 3,40,000 ஆனபோது என்ஏவி 85. அன்று நீங்கள் போட்ட 60,000-க்கு 706 யூனிட் சேர்ந்தது. திரையில் மறுபடி 4 லட்சம் தெரிந்திருக்கும், ஆனால் என்ஏவி 85-லேயே நின்றது. அடுத்து 5,40,000 வரை ஏறியபோது என்ஏவி கிட்டத்தட்ட 115. 4,80,000-க்கு இறங்கியபோது 102. அங்கே போட்ட 60,000-க்கு 588 யூனிட். 6 லட்சத்தில் என்ஏவி 113. எடுத்த 40,000-க்கு 353 யூனிட் கழிந்தது. இன்று கையில் 4,941 யூனிட், என்ஏவி சுமார் 147.7.

அதாவது இரண்டு வருடத்தில் உங்கள் டிரேடிங் தந்தது 47 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் மனதில் வைத்திருக்கும் 82 சதவீதம் இல்லை. வரிக்கு முன் இது நல்ல விளைச்சல்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று பாருங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் உங்கள் கணக்கு 6,20,000, அதன் என்ஏவி 125.5. அங்கிருந்து 147.7 வரையிலான ஏற்றம் முழுக்க இந்த இரண்டே மாதத்தில், இரண்டு லாட் வைத்து வந்தது. மொத்த லாபத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு, பழக்கமில்லாத அளவில் டிரேட் செய்த இரண்டு மாதத்தில் கிடைத்திருக்கிறது. மூன்றாவது லாட்டுக்கு அதை ஆதாரமாக வைக்க முடியாது.

ஒரு சிறு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரோக்கர் தானாகவே உங்கள் வங்கிக்குப் பணம் அனுப்பியிருப்பார். அது லாபம் இல்லை. பயன்படாமல் கிடக்கும் வாடிக்கையாளர் பணத்தை மாதம் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை திருப்பித் தர வேண்டும் என்பது செபி விதி. அந்தப் பணம் வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் எந்த என்ஏவியும் சரியாக வராது. டிரேடிங்குக்கென்று தனி சேமிப்புக் கணக்கு ஒன்றை வையுங்கள். புரோக்கரிடம் இருப்பதும் அந்தக் கணக்கில் இருப்பதும் சேர்ந்துதான் உங்கள் முதல். அந்தக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்குப் போவதை மட்டும் ‘எடுத்தது’ என்று எழுதுங்கள்.

வரி என்னும் கடன்

ஐடிஆர்-1 போதாது. ஃபியூச்சர்ஸ் லாபம், நஷ்டம் இரண்டும் வருமான வரிச் சட்டத்தில் வணிக வருமானம். அதற்கு ஐடிஆர்-3. நஷ்ட வருடத்தில் கெடுவுக்குள் ஐடிஆர்-3 போட்டிருந்தால் அந்த 60,000 நஷ்டத்தை எட்டு வருடம்வரை முன்னெடுத்து, பின்னால் வரும் வணிக லாபத்தில் கழித்திருக்கலாம். ஐடிஆர்-1-இல் அதைக் காட்ட இடமே இல்லை என்பதால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விட்டது. சரி, போனது போகட்டும். 2025-26-க்கு என்ன என்று பார்ப்போம்.

ஆபீஸில் உங்களுக்கு வரி பிடிக்காததற்குக் காரணம் இருக்கிறது. வருடச் சம்பளம் 12,60,000. அதில் நிலையான கழிவு 75,000 போனால் 11,85,000. புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம் ஆகிவிடும். நீங்கள் அந்த விளிம்பில் நிற்கிறீர்கள். ஃபியூச்சர்ஸ் லாபம் 2 லட்சம் சேர்ந்ததும் வருமானம் 13,85,000 ஆகிறது, தள்ளுபடி முழுவதும் போய்விடுகிறது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, அதற்கு மேல் 15 என்று கணக்கிட்டால் 87,750. செஸ் சேர்த்து 91,260 ரூபாய். 2 லட்சம் லாபத்துக்கு 91,000 வரி என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஒரு காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். முன்வரி கட்டாததால் மாதம் 1 சதவீதம் வீதம் வட்டியும் இதன் மேல் வரும்.

இந்த வருடம் ஏப்ரல், மே லாபம் 1,10,000. சம்பளம் இதேபோல் இருந்து, இதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும் அதற்கான வரி சுமார் 77,000. விளிம்பைத் தாண்டும் முதல் ஒரு லட்சத்துக்குத்தான் இவ்வளவு கனம். அதற்குப் பிறகு வரும் லாபத்துக்கு, மொத்த வருமானம் 16 லட்சம் தொடும்வரை, செஸ்ஸோடு 15.6 சதவீதம்தான். டிரேடிங்குக்காகச் செய்யும் இணையக் கட்டணம் போன்ற செலவுகளையும் கழிக்கலாம், அதனால் கடைசி எண் கொஞ்சம் மாறும். ஆடிட்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இந்த இரண்டு தொகையும் உங்கள் டிரேடிங் கணக்கில் உட்கார்ந்திருக்கும் அரசாங்கத்தின் பணம். 7,30,000-இல் 1,68,000-ஐக் கழித்தால் 5,62,000. இதுதான் நீங்கள் ரிஸ்க் எடுக்கக்கூடிய முதல். இனி எல்லா விதிகளையும் இந்த எண்ணிலிருந்து தொடங்குவோம். யூனிட் அதே 4,941, வரி போன என்ஏவி சுமார் 113.7.

லாட் என்பது ரிஸ்க்கின் அளவுகோல் இல்லை

‘முதலிலிருந்தே ஒரு லாட்தான்’ என்கிறீர்கள். நீங்கள் தொடங்கியபோது நிஃப்டி லாட் 25, அதாவது நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் உங்களுக்கு 25 ரூபாய். அந்த வருடக் கடைசியில் செபி குறைந்தபட்ச ஒப்பந்த மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியதும் லாட் 75 ஆனது. 2026 ஜனவரியிலிருந்து 65. ஆக நீங்கள் எந்த முடிவும் எடுக்காமலேயே உங்கள் ரிஸ்க் மூன்று மடங்கானது, அதே சமயத்தில்தான் முதல் பெரிய இறக்கத்தையும் பார்த்திருக்கிறீர்கள். இன்று இரண்டு லாட் என்றால் 130. தொடங்கிய நாளோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு. முதல் அதே கணக்கில் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை.

அடுத்தது ஸ்டாப்லாஸ், நஷ்டம் குறித்த அளவைத் தொட்டதும் தானாக விற்கச் சொல்லும் ஆர்டர். 100 புள்ளி, ஒரு லாட்டில் 65 என்றால் 6,500 ரூபாய், 5,62,000-இல் 1.2 சதவீதத்துக்குள். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் மூன்று லாட்கூடச் சுலபமாகத்தான் தெரியும். ஆனால் நீங்கள் இரவு தாண்டி வைத்திருப்பவர். ஸ்டாப்லாஸ் ஆர்டர் சந்தை திறந்திருக்கும்போதுதான் வேலை செய்யும். 2025 ஏப்ரல் 7 காலை நிஃப்டி முந்தைய முடிவிலிருந்து 1,100 புள்ளிக்கும் மேல் கீழே திறந்தது, கிட்டத்தட்ட 5 சதவீதம். முந்தைய வர்த்தக நாளில் வாங்கி வைத்திருந்தவரின் 100 புள்ளி ஸ்டாப்லாஸ் அன்று 100-இல் எடுபடவில்லை, திறந்த விலையில்தான் எடுபட்டது. அன்று உங்கள் கையில் எதுவும் இல்லாதது நல்லதுதான். ஆனால் அதனாலேயே உங்கள் இரண்டு வருட என்ஏவியில் அந்த மாதிரி ஒரு காலைப்பொழுது பதிவாகவில்லை. உங்கள் முறை அதைத் தாங்குமா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை.

ஆகவே லாட்டைத் தீர்மானிக்க ஸ்டாப்லாஸை விட்டுவிட்டு, முந்தைய முடிவுக்கும் மறுநாள் திறக்கும் விலைக்கும் நடுவே வரும் இந்த இரவு இடைவெளியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். நிஃப்டி 25,000 என்று வைத்துக்கொண்டால் 5 சதவீதம் 1,250 புள்ளி. ஒரு லாட்டுக்கு 81,250 ரூபாய். அப்படி ஒரு காலை வந்தால் மூலதனத்தில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் அளவு. அப்படியானால் ஒரு லாட்டுக்கு ஏறக்குறைய 5,40,000 முதல் வேண்டும். உங்களிடம் இருப்பது 5,62,000. இன்று உங்களுக்கு உரியது ஒரே ஒரு லாட். இரண்டு லாட்டோடு அந்தக் காலை வந்தால் 1,62,500 போகும், மூலதனத்தில் 29 சதவீதம். அதை மீட்க மீதியில் 40 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். உங்களுக்கு இதுவரை இரண்டு வருடத்தில் வரிக்கு முன் கிடைத்ததே 47 சதவீதம்தான்.

15 சதவீதத்தை நீங்கள் 12 என்றோ 18 என்றோ மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டிரேட் ஓடும்போது மாற்றாதீர்கள். நிஃப்டி அளவும் லாட் அளவும் மாறும்போது இந்த 81,250-ஐ மறுபடி போட வேண்டும்.

இரண்டாவது லாட் எப்போது? வரி கழிந்த முதல் 11 லட்சத்தைத் தொடும்போது. ஃபியூச்சர்ஸில் இருக்கும் பெரிய சங்கடம் இது: ஒன்றரை லாட் என்று ஒன்று கிடையாது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் நாளில் ரிஸ்க் ஒரே இரவில் இரட்டிப்பாகிறது. அதனால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வெவ்வேறு கோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏற 11 லட்சம், திரும்ப ஒன்றுக்கு இறங்க 9,75,000. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் அந்த எண்ணைச் சுற்றி முதல் ஊசலாடும்போதெல்லாம் இரண்டு லாட்டில் நஷ்டமும் ஒரு லாட்டில் லாபமுமாகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால், இரண்டாவது லாட்டோடு, சந்தை இறங்கினால் மதிப்பு ஏறும் ஒரு புட் ஆப்ஷன் வாங்கி இரவு இடைவெளிக்கு வரம்பு கட்டலாம். பிரீமியம் செலவு உண்டு, அதையும் நஷ்டக் கணக்கில் சேர்த்தே முறை லாபம் தருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கீழேயும் ஒரு கோடு தேவை. வரி போன முதல் 4,50,000-க்குக் கீழ் வந்தால், ஒரு லாட்டே 18 சதவீத அடியைத் தரும். அதற்குமேல் குறைக்க லாட் இல்லை. அங்கே ஃபியூச்சர்ஸை நிறுத்திவிட்டு, அதே வாங்கல், விற்றல் முறையை நிஃப்டி இடிஎஃப்-இல் சிறிய தொகையில் செய்து பாருங்கள். இடிஎஃப்பை ஒவ்வொரு யூனிட்டாக வாங்கலாம் என்பதால் அளவைச் சரியாக வைக்க முடியும்.

புரோக்கரின் ஆப் உங்களுக்கு மூன்று லாட் வாங்க மார்ஜின் இருக்கிறது என்று காட்டலாம். மார்ஜின் சந்தையைப் பாதுகாக்க வைத்த அளவு. நீங்கள் எவ்வளவு தாங்குவீர்கள் என்று அது கணக்கிடுவதில்லை.

எப்போது எடுப்பது

மாதாமாதம் பாதி என்ற யோசனையை எடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் 60,000 லாபம், அடுத்த மாதம் 60,000 நஷ்டம், மறுபடி லாபம், மறுபடி நஷ்டம். டிரேடிங் நான்கு மாதத்தில் பூஜ்யத்தில் நிற்கிறது. ஆனால் நீங்கள் இரண்டு முறை 30,000 எடுத்திருப்பீர்கள், முதல் 60,000 குறைந்திருக்கும். லாப மாதத்தில் எடுத்து, நஷ்ட மாதத்தில் ஒன்றும் திருப்பி வைக்காத விதி உங்கள் முதலையே சிறுகச் சிறுகச் சம்பளமாகத் தரும். ஒரு கோடி ஆகும்வரை தொடாதே என்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. முதல் ஏற ஏற லாட்டும் ஏறும், ஆகவே அடுத்த 2025 ஏப்ரல் 7 வரும்போது நீங்கள் வாழ்க்கையிலேயே அதிகமான லாட் வைத்திருப்பீர்கள், வெளியே எதுவும் எடுத்து வைத்திருக்க மாட்டீர்கள்.

நான் சொல்வது இது. காலாண்டுக்கு ஒருமுறை மட்டும், புரோக்கர் பணம் திருப்பும் வாரத்தை ஒட்டி என்ஏவியைப் போடுங்கள். முந்தைய உச்ச என்ஏவியைத் தாண்டியிருந்தால்தான் எடுக்கலாம். தாண்டிய தொகையில் முதலில் வரி தனிக் கணக்குக்குப் போகட்டும். மீதியில் பாதி வீட்டுக்கு, பாதி உள்ளே. தாண்டாவிட்டால் ஒன்றும் கிடையாது, எவ்வளவு லாபமான காலாண்டாக இருந்தாலும்.

ஓடவிட்டுப் பார்ப்போம். இன்றைய உச்சம் 113.7, முதல் 5,62,000. அடுத்த காலாண்டில் 90,000 லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15.6 சதவீதம், அதாவது 14,000, வரிக் கணக்குக்கு. மீதி 76,000-ஐச் சேர்த்தால் முதல் 6,38,000, என்ஏவி 129.1. இதுதான் புது உச்சம். 38,000 எடுக்கிறீர்கள், 294 யூனிட் குறைகிறது, முதல் 6 லட்சம். அதற்கடுத்த காலாண்டு மோசம், 5,40,000 ஆகிறது, என்ஏவி 116. எடுப்பது இல்லை. மூன்றாவது காலாண்டில் 50,000 லாபம், முதல் 5,90,000. கை அரிக்கும். ஆனால் என்ஏவி 127, உச்சத்துக்கு இரண்டு புள்ளி கீழே. நீங்கள் சம்பாதித்தது முன்பு விட்டதைத்தான். அதை எடுத்தால் முன்பே ஒருமுறை எடுத்த லாபத்தை மறுபடி எடுப்பதாகும்.

பள்ளிக் கட்டணம் போன்ற தேதி தெரிந்த செலவு இந்தக் கணக்கை நம்பி இருக்கக் கூடாது. செலவு அழைக்கும்போது பொசிஷனை மூட வேண்டி வந்தால், டிரேடை முடிக்கும் நேரத்தை உங்கள் முறை தீர்மானிக்காது, பள்ளியின் தேதிதான் தீர்மானிக்கும். சம்பளத்தில் மாதம் ஒரு தொகையை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

எப்போது போடுவது

இறக்கத்தில் போட்டது எஸ்ஐபி போல என்று நினைத்திருக்கிறீர்கள். பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். இன்டெக்ஸ் ஃபண்ட் இறங்கும்போது வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது: அதற்குள் ஐம்பது பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன, அவை தொடர்ந்து சம்பாதிக்கின்றன. உங்கள் டிரேடிங் என்ஏவிக்குள் இருப்பது நீங்கள் எடுக்கும் முடிவுகள் மட்டும். அது 100-இலிருந்து 85-க்கு வந்தால் மலிவாகிவிட்டது என்று பொருள் இல்லை. முறை இப்போதைய சந்தைக்குப் பொருந்தவில்லை என்றோ, அளவு பெரிதாகிவிட்டது என்றோ பொருளாக இருக்கலாம். உங்களுக்கு முதல் தடவை இரண்டாவதுதான் நடந்திருக்கிறது, லாட் மூன்று மடங்கானது. நீங்கள் 60,000 போட்டதால் கணக்கு பழைய எண்ணுக்கு வந்தது, லாட்டைக் குறைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை மறைந்துவிட்டது.

ஆகவே என்ஏவி உச்சத்திலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் கீழே இருந்தால் புதுப் பணம் ஒரு ரூபாய்கூட உள்ளே போகக் கூடாது. சேர்க்க விரும்பும் பணத்தை மாதாமாதம் ஒரு லிக்விட் ஃபண்டில் சேர்த்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, என்ஏவி அந்த 10 சதவீத எல்லைக்குள் இருந்தால் மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். கொண்டுவந்த பணத்தால் 11 லட்சக் கோட்டைத் தாண்டினாலும் அடுத்த காலாண்டு முடியும்வரை லாட்டைக் கூட்டாதீர்கள். ஆறு மாதச் செலவுக்கான தொகை தனியாக இல்லாதவரை இந்தச் சேர்ப்பே வேண்டாம்.

நகைக் கடன்

வேண்டாம். 3 லட்சம் சேர்ந்தால் வரி போன முதல் 8,62,000 ஆகும். மேலே சொன்ன அளவுப்படி அதிலும் ஒரு லாட்தான். ஆக, கடன் வாங்கினாலும் ஒழுங்காக இருந்தால் ஒரு லாட், ஒழுங்கை மீறினால்தான் மூன்று லாட். மூன்று லாட்டோடு ஒரு 5 சதவீதக் காலை வந்தால் 2,43,750 போகும். கடனில் ஐந்தில் நான்கு பங்கு ஒரே காலையில் போய், வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கட்ட முடியாமல் போனால் நகை ஏலத்துக்குப் போகும். கடன் மனைவியின் பெயரில் வந்தால் அந்தப் பணத்தை அவர் கணக்கிலிருந்து நேராக உங்கள் டிரேடிங் கணக்குக்கு அனுப்பவும் முடியாது. புரோக்கர் உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்தைத்தான் ஏற்பார்.

நகை அவருடையது. ஆகவே அவரிடம் எந்த எண்ணைச் சொல்லியிருக்கிறீர்கள் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. 4 லட்சம் 7,30,000 ஆனது என்று கேள்விப்பட்டவர் நகையைத் தரச் சம்மதிப்பார். கையிலிருந்து போட்டது 5,20,000, திரும்ப எடுத்தது 40,000, வரி போக இருப்பது 5,62,000, ஆக இரண்டு வருட லாபம் 82,000 என்று கேட்டால் வேறு விதமாக முடிவு செய்யலாம். செபியின் ஆய்வுப்படி 2024-25-இல் பங்கு டெரிவேட்டிவ்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் சுமார் 91 சதவீதம் பேருக்கு நிகர நஷ்டம். அவர்களோடு ஒப்பிட்டால் 82,000 மரியாதையான எண்தான். அதை அப்படியே அவர் முன் வைத்துப் பேசுங்கள்.

இந்த வாரம்

கையில் இருக்கும் இரண்டு லாட்டில் ஒன்றை மூடுங்கள். லாபமா நஷ்டமா என்று பார்க்க வேண்டாம். அடுத்து 1,68,000-ஐ டிரேடிங் கணக்கிலிருந்து எடுத்து வரிக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். ஜூன் 15-க்குள் இந்த வருட முன்வரியில் 15 சதவீதம், அதாவது சுமார் 11,600, கட்ட வேண்டும். அடுத்த தவணைகள் செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. போன வருட 91,260-ஐ வட்டியோடு சுய மதிப்பீட்டு வரியாகக் கட்டிய பிறகுதான் ஐடிஆர்-3 போட முடியும். வட்டி மாதக் கணக்கில் ஏறுவதால் கடைசி தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

ஆடிட்டரிடம் போகும்போது புரோக்கர் தளத்திலிருந்து இரண்டு நிதியாண்டுக்கான வரி லாப நட்ட அறிக்கை, லெட்ஜர், வங்கி ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16 நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். 2024-25-க்குப் போட்ட ஐடிஆர்-1-இன் நகலையும் காட்டி, அதைத் திருத்த இப்போது என்ன வழி இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். வருமானத்தை மறைத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது, அந்த வருடம் உங்களுக்கு நஷ்டம்தான். ஆனாலும் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் உங்கள் டிரேடிங் விவரம் வர வாய்ப்பிருக்கிறது, தப்பான படிவத்துக்கு நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.